அரபு நண்பரின் வீட்டில் மரணம்... ‘இன்னா லில்லாஹி’ எப்போது சொல்லலாம், எப்படி எழுதலாம்?

பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமாகியிருக்கும். தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரக்கும். டீக்கடையில் பேச்சு நிற்கும். முதலில் வருவது ஓர் அரபு வாக்கியம், ‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’. அதன் பிறகுதான் இன்ன தெரு, இன்னாருடைய அத்தா, இத்தனை மணிக்கு ஜனாஸா தொழுகை என்ற விவரம் வரும். பெயர் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரோ வஃபாத் ஆகிவிட்டார்.

கடலூர், சிதம்பரம் பக்கம் வளர்ந்த ஒருவருக்கு, அவர் எந்த மதமாக இருந்தாலும், இந்த வாக்கியம் காதுக்குப் புதிதல்ல. ஆனால், காதில் கேட்பது வேறு. கையால் எழுதி அனுப்புவது வேறு. வளைகுடாவில் வேலை பார்க்கும்போது, பக்கத்து மேஜை எகிப்துக்காரரின் தந்தை இறந்துவிட்டார் என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தால், பலருக்கும் விரல் தயங்குகிறது. நாம் இதைச் சொல்லலாமா? தப்பாகச் சொல்லிவிட்டால்? சரி, எல்லோரும் போடுகிறார்கள் என்று பார்த்து, கைகூப்பும் எமோஜி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். சிதம்பரத்து இளைஞர் ஒருவர் தோஹாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அறையில் உடன் தங்கியிருப்பவர் லால்பேட்டைக்காரர், எல்லோருக்கும் ‘பாய்’. காலை ஆறு மணிக்கு குரூப்பில் அரபியில் நான்கு வரி வந்திருக்கிறது. கிடங்கு சூப்பர்வைசரின் தந்தை கெய்ரோவில் இறந்துவிட்டார்.

“பாய், நானும் இன்னா லில்லாஹி போடட்டுமா?”

“போடுங்க தம்பி. ஆனா அது அவருக்குச் சொல்ற ஆறுதல் இல்ல. அதோட நிறுத்திடாதீங்க.”

பாய் சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தால்...

‘இன்னா’ என்பதில் இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கின்றன: ‘நிச்சயமாக’, ‘நாம்’. ‘லில்லாஹி’ என்பதில் ‘லி’ நம்முடைய ‘கு’ உருபு செய்யும் வேலையைச் செய்கிறது, ஆக, ‘அல்லாஹ்வுக்கு’. ‘வ’ என்றால் ‘மேலும்’. ‘இலைஹி’ என்றால் ‘அவனிடம்’. ‘ராஜிஊன்’ என்றால் ‘திரும்புகிறவர்கள்’. மொத்தமாக, ‘நிச்சயமாக நாம் அல்லாஹ்வுக்கு உரியவர்கள், நிச்சயமாக நாம் அவனிடமே திரும்புகிறவர்கள்.’

‘ராஜிஊன்’ ஏதோ மறுமைக்கென்றே ஒதுக்கப்பட்ட கனமான சொல் அல்ல. கடைக்குப் போகும் அரபுக்காரர், ‘இதோ திரும்பி வர்றேன்’ என்று சொல்லும்போது வரும் அதே ‘ராஜிஃ’தான். நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வர்றேன்’ என்பது போல, வீட்டு வாசலில் புழங்கும் சொல்.

கவனிக்க வேண்டியது அந்த ‘நாம்’. கடலூர் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘இயற்கை எய்தினார்’ என்றிருக்கும். பேச்சு இறந்தவரைப் பற்றியது. அரபு வாக்கியத்தில் இறந்தவரே இல்லை. துக்கத்தில் இருக்கும் ‘நீங்கள்’ என்பதும் இல்லை. இருப்பது ‘நாம்’ மட்டும். சொல்கிறவர் தன்னையும் சேர்த்துச் சொல்கிறார், ‘இன்று அவர், நாளை நான், எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான்’ என்று.

தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு இருக்கின்றன. அரபியில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால்தான் தமிழ் மொழிபெயர்ப்புகளில் சில ‘நாம்’ என்றும், சில ‘நாங்கள்’ என்றும் எழுதுகின்றன. ‘நாங்கள்’ என்று படித்தால் நம்பிக்கையாளர்களின் வாய்மொழி போலத் தோன்றும். ‘நாம்’ என்று படித்தால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். வேறு மதத்தவர் ஒருவர் இதைச் சொல்லத் தயங்குவதற்கும், சொன்னால் எதிரில் இருப்பவர் நெகிழ்வதற்கும் இந்த ஒரு சொல்தான் காரணம்.

எழுத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘இன்னா’வின் நெடில் முக்கியம். அதைக் குறுக்கி ‘இன்ன’ என்று எழுதினால் ‘நிச்சயமாக’ மட்டும் மிஞ்சும், ‘நாம்’ போய்விடும். அதேபோல ‘ராஜிஊன்’ என்பதில் ‘ஜி’க்கும் ‘ஊ’வுக்கும் நடுவில் தொண்டையில் ஒரு சின்ன நிறுத்தம் வரும், ‘ராஜூன்’ என்று ஓட்டிவிடக் கூடாது. (பழந்தமிழில் ‘இன்னா’ என்றாலே துன்பம்தான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தற்செயலான ஒற்றுமை!)

முதலில் இது யார் சொல்ல வேண்டியது?

வாக்கியம் வருவது குர்ஆனின் 2-வது அத்தியாயம், 156-வது வசனத்தில். அங்கே இது ஆறுதல் சொல்ல வந்தவர்களின் வசனம் அல்ல. துன்பம் நேர்ந்தவர்கள், அந்தத் துன்பம் நேர்ந்தபோது, தாங்களே சொல்வது. அந்தத் துன்பம் மரணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பணம் தொலைந்தாலும், வண்டி கவிழ்ந்தாலும் சொல்கிறார்கள்.

நபிகளின் காலத்தில் உம்மு ஸலமா என்ற பெண்மணி கணவரை இழந்தபோது இந்த வாக்கியத்தைச் சொல்லி, கூடவே ‘இந்தத் துன்பத்துக்குக் கூலி கொடு, இதைவிடச் சிறந்ததைப் பதிலாகக் கொடு’ என்று வேண்டியதாக ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கணவரை இழந்தவரே சொல்கிறார். இன்னொரு செய்தி புகாரி தொகுப்பில் வருகிறது. கல்லறை அருகே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் நபிகள் சொன்னது, பொறுமை என்பது முதல் அடி விழும் நொடியில் காட்டுவதுதான் என்று. அந்த முதல் நொடிதான் இந்த வாக்கியத்தின் இடம்.

ஆக, செய்தி காதில் விழுந்ததும் வாயில் வரவேண்டியது இது. ‘ஐயோ’ என்று நாம் சொல்வோமே, அந்த இடத்தில். குரூப்பில் நாற்பது பேர் வரிசையாக இதைப் போடும்போது அவர்கள் செய்வதும் அதுதான். ‘செய்தி எனக்கு வந்து சேர்ந்தது, நானும் தலைகுனிகிறேன்.’ துக்கப்படுகிறவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை இனிமேல்தான் வர வேண்டும்.

அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. நபிகளின் மகள் ஒருவர், தன் குழந்தை உயிர் பிரியும் நிலையில் இருக்கிறது, வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். நபிகள் ஸலாம் சொல்லி ஒரு செய்தி அனுப்பினார். எடுத்துக்கொண்டதும் இறைவனுக்கு உரியது, கொடுத்ததும் அவனுக்கு உரியது, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு தவணை உண்டு, பொறுமையாக இரு, கூலியை அவனிடம் எதிர்பார் என்பது அதன் சாரம். ஆள்வழி அனுப்பிய இந்தச் செய்தியில் மகளைப் பார்த்துப் பேசும் பகுதி இருக்கிறது: ‘பொறுமையாக இரு’. மகள் மறுபடியும் ஆள் அனுப்ப, நபிகள் எழுந்து போனார். குழந்தையைக் கையில் வாங்கியபோது அவர் கண்கள் நிறைந்தன. செய்தி அனுப்பியாகிவிட்டது, போதும் என்று அவர் இருந்துவிடவில்லை.

அடுத்த வரி என்ன?

தோஹா அறைக்குத் திரும்புவோம். இளைஞர் அரபி எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். “தேட வேணாம் தம்பி. குரூப்ல வந்த மெசேஜ அழுத்திப் பிடிச்சு காப்பி பண்ணுங்க. முதல் வரி அதுதான். மீதிய அழிச்சிருங்க” என்கிறார் பாய். எளிய வழிதான். மொத்த மெசேஜும் காப்பி ஆகும் என்பதால், கீழே இருக்கும் இறந்தவரின் பெயரையும் அடக்க நேரத்தையும் மறக்காமல் அழிக்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது. அரபு மரணச் செய்தியில் ‘துவுஃப்பிய’ என்றோ ‘வஃபாத்’ என்றோ ஒரு சொல் இருக்கும். ஒரே வேர்தான். லால்பேட்டை ஒலிபெருக்கியில் கேட்ட ‘வஃபாத்’தே இது. ‘வாலித்’ என்றால் தந்தை, ‘வாலிதா’ என்றால் தாய். இறந்தவர் ஆணா, பெண்ணா என்பது இதில்தான் தெரியும். அது தெரியாமல் அடுத்த வரியை எழுத முடியாது.

வளைகுடா முழுக்கச் செல்லுபடியாகும் இரண்டாவது வரி, ‘அஸ்ஸமல்லாஹு அஜ்ரகும்’. ‘இறைவன் உங்களுக்கான கூலியைப் பெரிதாக்கட்டும்’ என்பது பொருள். கூலி என்றால் பொறுமையோடு துக்கத்தைத் தாங்கியதற்கு இறைவன் தரும் பலன். முதல் சொல்லில் ஓர் அழுத்தமான எழுத்து இருக்கிறது. வளைகுடாக்காரர் வாயில் அது ‘அத்தம்’ போலவும், எகிப்துக்காரர் வாயில் ‘அஸ்ஸம்’ போலவும் கேட்கும், இரண்டும் சரி. ஒருவரிடம் சொல்லும்போது ஆணுக்கு ‘அஜ்ரக’, பெண்ணுக்கு ‘அஜ்ரகி’ என்று மாறும். ‘அஜ்ரகும்’ என்ற பன்மையை வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. நம் ‘உங்கள்’ போல, குடும்பம் முழுவதையும் அது அணைத்துக்கொள்ளும்.

எகிப்துக்காரர்களிடம் இன்னும் அதிகம் புழங்குவது ‘அல்பகாஉ லில்லாஹ்’. ‘நிலைத்திருப்பது இறைவன் மட்டுமே’. இதைச் சொன்னால் அவர் ‘வ நிஃம பில்லாஹ்’ என்று பதில் சொல்வார். தமிழ் முஸ்லிம்களின் பழைய மரண அறிவிப்புகளில் ‘தாருல் ஃபனாவை விட்டு தாருல் பகாவை அடைந்தார்கள்’ என்று ஒரு தொடர் வரும். அழியும் வீட்டை விட்டு நிலைத்த வீட்டை அடைந்தார் என்று அர்த்தம். அந்த ‘பகா’வும் இந்த ‘பகா’வும் ஒன்றே. கடலூர் மாவட்டத்துக்காரர் இந்த அரபியில் பாதியை ஊரிலேயே கேட்டிருப்பார். அவருக்குத்தான் அது தெரிந்திருக்காது.

மூன்றாவது, இறந்தவருக்கான வரி. ஆண் என்றால் ‘அல்லாஹ் யர்ஹமுஹு’, பெண் என்றால் ‘அல்லாஹ் யர்ஹமுஹா’. ‘இறைவன் அவருக்கு இரக்கம் காட்டட்டும்’ என்பது பொருள். பேச்சில் இது ‘யர்ஹமு’, ‘யர்ஹம்ஹா’ என்று சுருங்கும். அடிக்கடி தவறு நடப்பது இங்கேதான். அம்மா இறந்ததற்கு வந்த குறிப்பில் ‘யர்ஹமுஹு’ என்று இருந்தால், வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே அனுப்பியது போல ஆகிவிடும்.

இந்த மூன்றோடு, இருவருக்கும் தெரிந்த மொழியில் சொந்தமாக இரண்டு வரி. இளைஞர் அனுப்பிய குறிப்பு கடைசியில் இப்படி வருகிறது:

‘இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அஸ்ஸமல்லாஹு அஜ்ரகும். அல்லாஹ் யர்ஹமுஹு. உங்கள் அப்பா தினமும் ராத்திரி போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பார் என்று சொல்லியிருக்கிறீர்கள், அது நினைவிருக்கிறது. இந்த வாரக் கணக்கை நான் முடித்து வைக்கிறேன். பதில் அனுப்ப வேண்டாம்.’

முதல் மூன்றும் அரபியில், மீதி அவர்கள் தினமும் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தில். இதை குரூப்பில் போடாமல் தனியாக அனுப்புகிறார். குரூப்பில் முதல் வரி மட்டும். ‘எப்படி ஆச்சு, என்ன வயசு’ என்று நாம் ஊரில் கேட்பதை இதில் கேட்கவில்லை. அதை நேரில் பார்க்கும்போது, அவராகப் பேச ஆரம்பித்தால் கேட்கலாம். ‘அந்த லோடு பேப்பர் எங்கே வச்சிருக்கீங்க’ என்பதை அதே மெசேஜில் சேர்க்கவே கூடாது.

எப்போது அனுப்பக் கூடாது?

ஐ.சி.யூ-வில் இருக்கிறார் என்று செய்தி வந்தால் ‘இன்னா லில்லாஹி’ வேண்டாம். எந்தத் துன்பத்துக்கும் சொல்லலாம்தானே என்று மார்க்க ரீதியாக வாதிடலாம். ஆனால், போன் திரையில் அந்த வரியைப் பார்ப்பவர் மரணச் செய்தியாகத்தான் படிப்பார். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் மகனுக்கு, தனக்குத் தெரியாத செய்தி வேறு யாருக்கோ தெரிந்துவிட்டதோ என்று ஒரு நொடி நெஞ்சு நின்றுவிடும். நோயாளிக்குச் சொல்வது ‘அல்லாஹ் யஷ்ஃபீஹி’, பெண் என்றால் ‘யஷ்ஃபீஹா’. இறைவன் குணமாக்கட்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். நண்பரின் ஸ்டேட்டஸில் ‘இன்னா லில்லாஹி’ மட்டும் இருக்கிறது. உடனே தந்தைக்கு இரங்கல் அனுப்பிவிடுகிறோம். அது எங்கோ நடந்த குண்டுவீச்சுக்கோ, நொறுங்கிய காருக்கோ போட்டதாக இருக்கலாம். ‘வஃபாத்’ என்ற சொல்லோ பெயரோ கண்ணில் படும்வரை பொறுப்பது நல்லது.

காலக்கெடு? துக்கம் விசாரிப்பது பொதுவாக முதல் மூன்று நாள். கணவரை இழந்த பெண்ணுக்கு மட்டும் இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள் என்று குர்ஆனே சொல்கிறது. மூன்று நாளுக்குப் பிறகு சொன்னால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகும் என்பது மார்க்க அறிஞர்கள் சொல்லும் காரணம். ஊரில் இல்லாதவரும், தாமதமாகக் கேள்விப்பட்டவரும் பிறகு சொல்வதில் தவறில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். லீவில் ஊருக்கு வந்து, வீராணம் ஏரிக்கரையில் சிக்னல் இல்லாமல் இருந்துவிட்டு இரண்டு வாரம் கழித்துத் தெரிந்துகொண்டால், ‘இப்போதுதான் தெரிந்தது’ என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பிவிடலாம்.

அடக்கம் பெரும்பாலும் அதே நாள், இல்லையென்றால் மறுநாள். காலையில் செய்தி பார்த்து மாலையில் யோசித்தால், ஜனாஸா முடிந்திருக்கும். குடும்பம் அதே ஊரில் இருந்தால் ‘அஸா’ எங்கே, ஆண்களுக்கு எந்த இடம், பெண்களுக்கு எந்த இடம் என்று செய்தியிலேயே இருக்கும். போய், கை கொடுத்து, ‘அஸ்ஸமல்லாஹு அஜ்ரகும்’ சொல்லி, கொடுக்கும் கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். அங்கே நீண்ட பேச்சு யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அரபி பேசுபவர் எல்லோரும் முஸ்லிம் அல்ல

இதை விட்டுவிட்டால் மேலே சொன்னது எல்லாம் தலைகீழாகிவிடும். எகிப்து, லெபனான், சிரியா, ஜோர்டானிலிருந்து வருபவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. பெயர் ஜிர்ஜிஸ், பூத்ரோஸ், மீனா என்று இருந்தால் யோசிக்க வேண்டும். (எகிப்தில் மீனா ஆண் பெயர்.) இவர்களுக்கு குர்ஆன் வசனம் பொருந்தாது. ‘அல்லாஹ் யர்ஹமுஹு’ பொருந்தும். அரபு கிறிஸ்தவர்களும் கடவுளை ‘அல்லாஹ்’ என்றுதான் அழைக்கிறார்கள். எகிப்து கிறிஸ்தவர்களிடம் ‘ரப்பினா யிஅஸ்ஸீகும்’ என்றும் சொல்லலாம், ‘நம் ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்’ என்று.

திரும்பவும் முதல் கேள்வி. முஸ்லிம் அல்லாதவர் ‘இன்னா லில்லாஹி’ சொல்லலாமா? சொல்லக் கூடாது என்று துக்க வீட்டில் யாரும் தடுப்பதில்லை. பெரும்பாலும் அன்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், அது ‘நாம்’ என்று தொடங்கும் ஒரு நம்பிக்கை வாக்கியம். அதைத் தன் வாயால் சொல்வதில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், கட்டாயம் ஏதும் இல்லை. அவர் ‘அஸ்ஸமல்லாஹு அஜ்ரகும்’ என்பதிலிருந்தே தொடங்கலாம். அது எதிரில் இருப்பவருக்கான வாழ்த்து. குறிப்பில் எதுவும் குறைந்துவிடாது. அர்த்தம் தெரியாமல் நாற்பத்தோராவது ஆளாக ஒட்டுவதைவிட அது மேல்.

தோஹாவில், மத்தியானம் இளைஞரின் போன் ஒளிர்கிறது. பதில் வேண்டாம் என்று எழுதியும் சூப்பர்வைசர் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: ‘ஜஸாகல்லாஹு கைரன்.’ இளைஞர் பாயைப் பார்க்கிறார்.

“இறைவன் உங்களுக்கு நல்ல கூலி கொடுக்கட்டும்னு சொல்லியிருக்கார் தம்பி.”

“இதுக்கு நான் என்ன பாய் அனுப்பணும்?”

“ஒண்ணும் அனுப்ப வேணாம். அந்தக் கணக்க முடிச்சு வைங்க.”